40 சதவீதம் என்றால் எதில் 40? விபத்துக் காய வழக்கில் தொகை முடிவாகும் இடம்

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு வருகிற காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு தாளோடுதான் வருவார்கள். எலும்பு மருத்துவர் கொடுத்த ஊனச் சான்று அது. அதில் 40 என்றோ 45 என்றோ ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்தே வீட்டில் ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். தீர்ப்பு வரும்போது நீதிபதி 15 அல்லது 20 சதவீதம் எடுத்திருப்பார். "டாக்டர் நாற்பது போட்டாரே, ஜட்ஜ் ஏன் குறைத்தார்?" என்ற கேள்வி அப்போதுதான் எழும். மேல்முறையீட்டுக்குப் போகும்போது எழுகிற அந்தக் கேள்வி, மனுப் போடுவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டியது.

கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 38, தொழில் கொத்தனார். வேலை முடிந்து மொபெட்டில் வீடு திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு சரக்கு வேன் மோதுகிறது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ராடு வைத்து அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆறு மாதம் வேலை இல்லை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கணுக்கால் முழுதாக மடங்கவில்லை. குந்தி உட்கார முடியவில்லை. சாரத்தில் ஏறினால் கால் தாங்கவில்லை. மருத்துவர் வலது காலுக்கு 40 சதவீத நிரந்தர ஊனம் என்று எழுதுகிறார்.

இவர் எப்படி 'மூன்றாம் தரப்பு' ஆகிறார் என்பதை முதலில் சொல்லிவிடலாம். பாலிசி என்பது வேன் உரிமையாளருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். அந்த இருவரையும் தவிர, அந்த வேனால் சாலையில் அடிபடுகிறவர் மூன்றாம் தரப்பு. உயிரிழப்பு, உடல் காயம் இரண்டுக்கும் அந்தப் பாலிசியில் தொகை உச்சவரம்பு கிடையாது. இதே கொத்தனார் மாடு குறுக்கே வந்து தானாக விழுந்திருந்தால் அவருடைய மொபெட் பாலிசிக்கு அவர் மூன்றாம் தரப்பு அல்ல. இந்தக் கட்டுரையே அவருக்குப் பொருந்தாது. தவறு செய்த இருசக்கர வாகனத்தின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கும், அந்த வண்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், சிக்கல் உண்டு. அதனால் பாலிசி நகல் கைக்கு வந்ததும் அது எந்த வகைப் பாலிசி என்று பார்ப்பது முதல் வேலை.

இனி அந்த 40-க்கு வருவோம். அது ஒரு காலில் 40. உடம்பு முழுவதையும் நூறாக வைத்துப் பார்த்தால் அது 40 ஆக இருக்காது, கணிசமாகக் குறையும். அப்படிக் குறைந்த எண்ணும் கூட இழப்பீட்டுக்கான எண் அல்ல. நீதிமன்றம் தேடுவது மூன்றாவது எண் ஒன்றை: இந்த ஊனத்தால் இந்த மனிதரின் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது? இதை 'செயல்பாட்டு ஊனம்' என்பார்கள். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையைத் தெளிவாக எழுதி வைத்தது. இன்றும் காய வழக்குத் தீர்ப்புகளில் அந்த வழக்கின் பெயரே அதிகம் வரும். அதில் சொன்ன உதாரணம் எளிமையானது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருக்குப் பிழைப்பே போய்விட்டது. ஏறக்குறைய நூறு சதவீத இழப்பு. அதே கையை இழந்தவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வேலையில் தொடர்ந்தால் வருமான இழப்பு அந்த அளவுக்கு வராது. அவருக்கு வேறு தலைப்புகளில் தொகையைக் கூட்டித் தரலாம்.

இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு நடைமுறை விளைவு வருகிறது. மருத்துவர் சாட்சி சொல்லக்கூடியது உடல் ஊனத்தைப் பற்றி மட்டுமே. வருமானத் திறன் எவ்வளவு போனது என்று முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் வேலை. அதற்கான சான்று மருத்துவமனையில் கிடைக்காது. வேலைத் தலத்திலிருந்துதான் வரவேண்டும். பெரும்பாலான வழக்குகளில் இந்தப் பக்கம் காலியாகவே விடப்படுகிறது. காயம்பட்டவர் முதல் சாட்சி, மருத்துவர் இரண்டாவது சாட்சி, அத்தோடு முடிந்தது. கொத்தனார் என்ன வேலை செய்தார், அதில் எந்த வேலை இப்போது முடியாது என்று யாரும் விவரமாகப் பதிவு செய்வதில்லை.

சதவீதம் மாறினால் பணம் எவ்வளவு மாறும் என்று பாருங்கள். வருமானத்துக்கு எழுத்துச் சான்று இல்லாததால் தீர்ப்பாயம் மாதம் 15,000 ரூபாய் என்று ஊகித்து எடுக்கிறது என்று வைப்போம். வயது 40-க்குள், சுயதொழில் அல்லது கூலி வேலை என்பதால் வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வகுக்கப்பட்ட அளவு இது. மரண வழக்குக்குத்தான் இது, காய வழக்குக்கு இல்லை என்ற வாதம் இன்னும் சில இடங்களில் எழும்; நிரந்தர ஊனம் உள்ள காய வழக்குக்கும் பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக மாதம் 21,000; ஆண்டுக்கு 2,52,000. மரண வழக்கில் இதிலிருந்து இறந்தவரின் சொந்தச் செலவு என்று, குடும்பத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கழிப்பார்கள். காயம்பட்டவர் உயிரோடு இருந்து சாப்பிட வேண்டியவர் என்பதால் இங்கே அந்தக் கழிவு கிடையாது. சில தீர்ப்புகளில் பழக்கதோஷத்தில் கழித்திருப்பார்கள், கவனிக்க வேண்டும்.

அடுத்து பெருக்கல் எண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வயதைப் பொறுத்து எடுக்கிற எண். 2009-ல் சர்ளா வர்மா வழக்கில் கொடுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை 15. ஆக 2,52,000 × 15 = 37,80,000. இது நூறு சதவீதத் திறனும் போனால் வரும் தொகை. செயல்பாட்டு ஊனம் 10 சதவீதம் என்றால் 3,78,000. 20 என்றால் 7,56,000. கொத்து வேலையே இனி முடியாது என்று நிறுவி 40 சதவீதம் எடுக்க வைத்தால் 15,12,000. ஒரே கால், ஒரே முறிவு, ஒரே ஊனச் சான்று.

இதைவிடக் குறைவாக முடிகிற வழியும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் 'சதவீத முறை' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஊனத்தால் வருமானம் பாதிக்கப்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்றால், பெருக்கல் எண் முறையைத் தொடாமல், ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ரூபாய் என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். சதவீதத்துக்கு 3,000, 5,000 என்ற அளவில் தீர்ப்புகளைப் பார்க்கலாம். நம் கொத்தனாருக்கு 40 × 5,000 = 2,00,000. டாக்டர் எழுதிய 40-ஐ அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 20 சதவீதமாகக் குறைத்துப் பெருக்கல் முறையில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதில் இது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டு முறையிலும் சேர்த்துக் கேட்கவும் முடியாது. வருமானத் திறன் இழப்புக்குத் தொகை கொடுத்த பிறகு நிரந்தர ஊனத்துக்கென்று தனித்தலைப்பில் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2006-ல் தீர்த்து வைத்துவிட்டது. எனவே மனு எழுதும்போதே எந்த முறை என்று முடிவு செய்து, அதற்கேற்ற சாட்சியத்தைத் திரட்ட வேண்டும்.

கொத்தனாருக்கு அந்தச் சாட்சியம் எங்கே இருக்கிறது? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் தொழில் என்ன என்பதில் தகராறு வராது. விபத்துத் தேதிக்கு முன்பே எடுத்ததாக இருக்க வேண்டும்; பின்பு எடுத்த அட்டையைக் குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்கள். சனிக்கிழமைக் கூலி இப்போதெல்லாம் பல இடங்களில் கைப்பேசி வழியாக வருகிறது. விபத்துக்கு முந்தைய ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்தால் வாரவாரம் வந்த தொகை தெரியும். வேலை கொடுத்த மேஸ்திரியையோ ஒப்பந்தக்காரரையோ மூன்றாவது சாட்சியாக அழைக்கலாம். அவர் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். "முன்பு சாரத்தில் நின்று பூசுவார், இப்போது தரையில் நின்று செய்கிற வேலை மட்டும் கொடுக்கிறேன், கூலி இவ்வளவு குறைவு" என்ற மூன்று வாக்கியம் போதும். அதுதான் 10 சதவீதத்துக்கும் 25 சதவீதத்துக்கும் உள்ள தூரம்.

எதுவுமே இல்லாவிட்டால்? தீர்ப்பாயம் ஒரு தொகையை ஊகித்துத்தான் ஆக வேண்டும். 2008-ல் நடந்த ஒரு விபத்தில் காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் எடுத்தது, தமிழ்நாட்டில் அடிக்கடி அடித்தளமாகக் காட்டப்படும். விபத்து நடந்த ஆண்டுக்கேற்ப அதை உயர்த்துவார்கள். மனுவில் "மாதம் 40,000 சம்பாதித்தார்" என்று சான்றில்லாமல் எழுதுவதால் இந்த ஊகம் உயராது. மாறாக, சாட்சிக் கூண்டில் "வருமான வரி கட்டினீர்களா?" என்ற கேள்விக்குப் பிறகு அவர் சொல்கிற மற்றவையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

வயது விஷயத்தில் ஒரு சிறு பள்ளம். கிராமங்களில் பலருடைய ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருக்கும்; யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. பள்ளிச் சான்றிதழில் வேறு ஆண்டு இருக்கும். வயதை முடிவு செய்ய ஆதாரைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழையே எடுக்க வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கிலேயே சொன்னது. இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் கொத்தனாருக்கு 41 வயது என்று எடுத்தால் வருங்கால உயர்வு 25 சதவீதமாகவும் பெருக்கல் எண் 14 ஆகவும் இறங்கும். 18,750 × 12 × 14 = 31,50,000; அதில் 20 சதவீதம் 6,30,000. மூன்று வயது வித்தியாசத்தில் 1,26,000 ரூபாய் போய்விட்டது.

ஊனச் சான்று வாங்குகிற முறையிலும் தவறு நடக்கிறது. சிகிச்சையே அளிக்காத மருத்துவரிடம் ஒரே நாளில் போய் வாங்கிவந்த சான்றைத் தீர்ப்பாயங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. அப்படிப் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் தீர்ப்பே எச்சரித்திருக்கிறது. சிகிச்சை அளித்த மருத்துவர் வருவது நல்லது. அது நடக்காவிட்டால் அரசு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி மனுக் கொடுக்கலாம். குழு பெரும்பாலும் குறைவான சதவீதமே போடும் என்று பயந்து இதைத் தவிர்ப்பார்கள். குழு போட்ட 25, அடுத்த கேள்வியில் உடைந்துபோகிற 45-ஐவிட மேல். எலும்பு கூடுவதற்கு முன்பே அவசரப்பட்டுச் சான்று வாங்குவதும் பயனற்றது. காயம் இனி இதற்கு மேல் தேறாது என்ற நிலை வந்த பிறகு அளந்ததுதான் 'நிரந்தரம்'.

மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்யும் இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞரின் கேள்விகள் ஏறத்தாழ மாறுவதில்லை. நீங்கள் சிகிச்சை அளித்தவரா? எத்தனை முறை பார்த்தீர்கள்? எலும்பு கூடிவிட்டதா? புதிய எக்ஸ்ரே எடுத்தீர்களா? உதவி இல்லாமல் நடக்கிறாரா? முழு உடலுக்குக் கணக்கிட்டால் எவ்வளவு? கடைசிக் கேள்வியை மனுதாரர் தரப்பே முதல் விசாரணையில் கேட்டுவிட்டால் அதன் முனை மழுங்கிவிடும். அதோடு, கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டை, குந்த முடியுமா, ஏணி ஏற முடியுமா என்பவற்றை மருத்துவர் வாயாலேயே வரவழைத்துப் பதிவு செய்ய வேண்டும். வெறும் சதவீதத்திலிருந்து நீதிபதிக்கு வேலையைக் கற்பனை செய்ய முடியாது. கணுக்கால் மடங்காத மனிதர் சாரத்தில் நிற்பதைக் கற்பனை செய்ய முடியும்.

"மனுதாரரால் நடக்கவே முடியவில்லை" என்று மனுவில் எழுதிவிட்டு அவரைப் படியேறிச் சாட்சிக் கூண்டுக்கு வரவைப்பதைப்போல வழக்கைக் கெடுப்பது வேறில்லை. இன்சூரன்ஸ் தரப்பில் விசாரணையாளர் வீட்டுப் பக்கம் வந்து படம் எடுத்துப் போயிருக்கவும் கூடும். நடக்கிறார், ஆனால் சாரம் ஏற முடியவில்லை என்று உள்ளதை எழுதினால் அந்தப் படத்தால் ஒன்றும் ஆகாது.

பொறுப்பு யாருடையது என்ற பகுதியில் தொகை மொத்தமாகவே போய்விடக் கூடும் என்பதால் ஓர் ஆவணத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்பார்களே, அது. தூக்கிக்கொண்டு வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்ல, அது அப்படியே ஏறிவிடும். மூன்று வருடம் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு அதைக் காட்டி, வேன் மோதவே இல்லை, இவர் தானாக விழுந்தார் என்பார்கள். உறவினர் வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதுதான். தவறாக இருந்தால், காவல் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலத்தில் யார் கொண்டுவந்து சேர்த்தார், அவர் விபத்தைப் பார்த்தவரா என்பது வந்துவிட வேண்டும். முதல் தகவல் அறிக்கை சில நாள் தாமதமானால் அதுவே வழக்கைக் கொல்லாது. தாமதத்துக்குக் காரணம் இருந்தால் போதும். இங்கே நிரூபிக்க வேண்டியதும் கிரிமினல் வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அல்ல. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குத்தான்.

ஓட்டுநர் உரிமம் இல்லை, ஹெல்மெட் இல்லை என்று மனுதாரர் மேலும் ஒரு பங்குத் தவறைச் சாட்டுவது வழக்கம். உரிமம் இல்லாதது தண்டனைக்குரிய குற்றம்தான்; ஆனால் அது மட்டுமே விபத்துக்குக் காரணமாகிவிடாது. ஹெல்மெட் இல்லாததற்குத் தலைக்காய வழக்கில் கழிப்பதில் ஒரு தர்க்கம் உண்டு. முறிந்தது கால் என்றால், ஹெல்மெட் போட்டிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று கேட்டாலே போதும். வேன் ஓட்டுநருக்குத் தகுந்த உரிமம் இல்லை என்றாலும் காயம்பட்டவர் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது பரவலான நடைமுறை.

மற்ற தலைப்புகளையும் சேர்த்து மொத்தத்தைப் போட்டுவிடலாம். 20 சதவீதப்படி வருங்கால வருமான இழப்பு 7,56,000. சிகிச்சைக் காலம் ஆறு மாதத்துக்கு 90,000. மருத்துவ ரசீதுகள் 1,42,000. இதில் அசல் ரசீதும் மருந்துச் சீட்டும் சேர்ந்து இருந்தால்தான் எண்ணுவார்கள். ராடு எடுக்க வேண்டிய அடுத்த அறுவை சிகிச்சைக்கு, மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீட்டுக் கடிதப்படி 40,000. உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கு 25,000. மனைவிதான் பார்த்தார், சம்பளம் கொடுக்கவில்லை என்பதால் இது இல்லாமல் போகாது. போக்குவரத்து 15,000, சத்துணவு 20,000, வலி வேதனைக்கு 75,000, வாழ்க்கை வசதி இழப்புக்கு 50,000. ஆக 12,13,000. சதவீத முறையில் முடிந்திருந்தால் இதே மொத்தம் 6,57,000. கேட்ட தொகை 10 லட்சம்தானே என்று இதைக் குறைக்க வேண்டியதில்லை. நியாயமான இழப்பீடு கேட்டதைவிட அதிகமாக வந்தால் அதையும் கொடுக்கலாம் என்பது 2002 முதல் நிலைத்த சட்டம்.

வட்டி மனுத் தாக்கலான நாளிலிருந்துதான் ஓடும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். வழக்கு மூன்று ஆண்டு இழுத்தால் மேலே சொன்ன தொகைக்கு வட்டி மட்டும் 2,72,925. தாக்கல் செய்யாமல் கழித்த மாதங்களுக்கு எதுவும் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் இருக்கிறது. அந்த விதி உச்ச நீதிமன்றத்தில் சவாலுக்குள்ளாகி, காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பிக் கோப்பை மூடி வைக்காமல், ஊனச் சான்று வராவிட்டாலும் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட்டுச் சான்றைப் பிறகு தாக்கல் செய்வதே பாதுகாப்பு. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை; வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். வாய்தாவுக்கு வந்து போகும் செலவு அதில் குறையும்.

பல வழக்குகள் தீர்ப்பு வரை போவதில்லை. லோக் அதாலத்தில் முடிகின்றன. அங்கே கம்பெனி அதிகாரி ஒரு தொகை சொல்வார். அதை எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டு, மூன்று இடத்தைப் பார்த்தால் போதும்: வருங்கால உயர்வு சேர்த்திருக்கிறாரா, பெருக்கல் முறையா சதவீத முறையா, இதுவரை ஓடிய வட்டி உள்ளே இருக்கிறதா. ஒரு பங்கை விட்டுக்கொடுத்து இந்த மாதமே பணத்தை வாங்குவது சிலருக்குச் சரியான முடிவாகவே இருக்கும். தீர்ப்பு, மேல்முறையீடு என்று போனால் இன்னும் சில ஆண்டுகள். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காலுக்குள் ராடு இன்னும் இருக்கிறது என்றால், அதை எடுக்கிற செலவு அந்தத் தொகைக்குள் வந்துவிட்டதா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும்.